வட்ட மேசையில் ஆறு பேர்

பயிற்சிப் புத்தகத்தின் ஒரு பக்கம், கைப்பேசியில் எடுத்த படமாக வந்து சேர்கிறது. சற்றே சாய்ந்த படம், ஓரத்தில் கட்டைவிரல் நிழல். "ஆறு நண்பர்கள் ஒரு வட்ட மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். அமுதாவும் பானுவும் அடுத்தடுத்துதான் உட்காருவார்கள். எத்தனை வழிகளில் அமரலாம்?" என்பது கேள்வி. அதற்குக் கீழே இருந்த வரி படத்தில் விழவில்லை. பதினொன்றாம் வகுப்பு மாணவர் பலர் இந்தக் கணக்குக்கு 240 என்று எழுதுவார்கள், சிலர் 48 என்பார்கள், 288 என்பவர்களும் உண்டு.

ஆறு பேரை நீளமான பெஞ்சில் உட்கார வைத்தால் 6 × 5 × 4 × 3 × 2 × 1, அதாவது 720 வழிகள். வட்டத்தில் கதை வேறு. எல்லோரும் எழுந்து ஓர் இடம் வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாலும் யாருக்கு இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார் என்பது துளிகூட மாறாது. இப்படி ஆறு முறை நகரலாம் என்பதால் ஒரே அமர்வு 720-க்குள் ஆறு தடவை எண்ணப்பட்டிருக்கிறது. ஆறால் வகுத்தால் 120. பாடப்புத்தகம் இதைத்தான் (n−1)! என்று எழுதுகிறது.

இனி அமுதா, பானு. சூத்திரத்தைத் தேடுவதைவிட ஒரு வட்டம் வரைந்து ஆறு புள்ளி வைப்பது நல்லது. எந்தப் புள்ளி என்பதற்குப் பொருளில்லை என்பதால் அமுதாவை உச்சியில் வைத்துவிடலாம். பானுவுக்கு இரண்டே இடங்கள்: அமுதாவின் இடப்பக்கம் அல்லது வலப்பக்கம். மீதி நான்கு பேர் மீதி நான்கு இடங்களில் 4 × 3 × 2 × 1 = 24 வழிகளில் அமர்வார்கள். 2 × 24 = 48. வேலை முடிந்தது.

சந்தேகம் இருந்தால் நான்கு பேரை வைத்துச் சரிபார்க்கலாம். அமுதா, பானு, செல்வி, தேவி. அமுதாவை உச்சியில் நிறுத்திக் கடிகாரச் சுற்றில் முதல் எழுத்துகளை மட்டும் எழுதினால் அபாசெதே, அபாதேசெ, அசெபாதே, அசெதேபா, அதேபாசெ, அதேசெபா என ஆறு அமர்வுகள். மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் பானு அமுதாவுக்கு நேரெதிரே இருக்கிறாள். மற்ற நான்கிலும் பக்கத்தில். இதே முறையில் கணக்கிட்டாலும் 2 × 2 = 4.

அப்படியானால் 240 எங்கிருந்து வருகிறது? இருவரையும் சேர்த்து ஒரே ஆளாக எண்ணிக்கொள்வது இந்தக் கணக்குக்கு வழக்கமான உத்தி. அப்போது ஆறு பேர் ஐந்து பேராகிறார்கள். ஐந்து பேரை வரிசையில் நிறுத்த 120 வழி, ஜோடிக்குள் இடம் மாற 2 வழி, மொத்தம் 240. பெஞ்சுக்கு இது முழுக்கச் சரி. வட்டத்துக்கு, அந்த ஐந்து பேரை 4! = 24 என்று எடுத்து இரண்டால் பெருக்க வேண்டும். அதுவும் 48-தான் தரும்.

படத்தில் விழாத கடைசி வரிதான் இங்கே முக்கியம். "நாற்காலிகளுக்கு 1 முதல் 6 வரை எண் இடப்பட்டுள்ளது" என்று அதில் இருந்தால் விடை 288. எண் இருப்பதால் ஓர் இடம் நகர்ந்தாலே அது புதிய அமர்வு. அடுத்தடுத்த நாற்காலி ஜோடிகள் ஆறு, ஜோடிக்குள் 2 வழி, மற்றவர்களுக்கு 24: 6 × 2 × 24. இந்த வடிவத்திலும் 240 என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. 288-க்கும் 240-க்கும் இடைவெளி 48. ஆறாம் நாற்காலியும் முதல் நாற்காலியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைத் தாளில் நேர்கோடாக எழுதியவர் மறந்துவிட்டார். அங்கே ஜோடி அமரும் 2 × 24 வழிகள்தான் விடுபட்ட அந்த 48. வரிசையில் 5 ஜோடி, வட்டத்தில் 6 ஜோடி என்பதைக் கவனித்தால் பிழை உடனே தெரியும்.

ஆகவே படத்தை அனுப்புபவர் கேள்வியின் கடைசி வரிவரை எடுத்து அனுப்ப வேண்டும். விடை சொல்பவர், எண் இல்லாத நாற்காலி என்று எடுத்துக்கொண்டதை முதலில் சொல்லிவிட்டு 48 என்று எழுத வேண்டும்.

சேர்ந்தே அமர வேண்டும் என்பது எளிய நிபந்தனை. இருவர் சேரவே கூடாது என்றாலும் சிரமமில்லை: 120 − 48 = 72. தம்பதிகள் எல்லோருக்கும் அந்தத் தடை வந்தால்தான் கணக்கு கடினமாகிறது. பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா 1891-இல் அதைக் கேட்டார்: ஆணும் பெண்ணும் மாறி மாறி அமர வேண்டும், எந்தக் கணவரும் தன் மனைவிக்கு அருகில் இருக்கக் கூடாது. எத்தனை தம்பதிகளுக்கும் பொருந்தும் தெளிவான சூத்திரத்தை 1934-இல் ழாக் துஷார் வெளியிட்டார். மூன்று தம்பதிகள், எண்ணிட்ட ஆறு நாற்காலிகள் என்றால் வழிகள் 12 மட்டுமே. அந்தப் பன்னிரண்டிலும் ஒவ்வொரு கணவரும் மனைவிக்கு நேரெதிரேதான் இருப்பார்.