கொப்பியில் என்ன எழுதுவது?

வவுனியாவில் வசிக்கும் என் தங்கை வாசித்த நூல்களைப் பற்றி ஒரு கொப்பியில் எழுதி வருகிறாள். ஆரம்பத்தில் கதைச் சுருக்கத்தை எழுதி, கடைசியில் 'நல்ல நூல்' என்று போடுவாள். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் எல்லாமே நல்ல நூல்தான்! அடுத்து எதை எடுப்பது என்பதற்கு அதில் விடையில்லை.

அரபுக் கல்லூரியில் நாங்கள் கிதாபின் ஓரத்தில் குறிப்பெழுதுவோம். அதுபோல, எந்த இடத்தில் மனம் நின்றது, எங்கே சலித்தது, ஏன் என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' (1988) பற்றி, "சில சொற்கள் விளங்கவில்லை, ஆனாலும் முதலாளி வீட்டுக்குள்ளேயே இருந்தது போலிருந்தது" என்று எழுதினாள். சித்திலெவ்வையின் 'அசன்பே சரித்திரம்' (1885) பாதியில் நின்றது. "சம்பவத்தின் மேல் சம்பவம். ஓரிடத்திலும் இருக்க விடவில்லை."

முஸ்லிம் எழுத்தாளரின் நாவல் என்றால் தனக்குப் பிடிக்கும் என்றே அதுவரை எண்ணியிருந்தாள். பிடித்தது ஒரு வீடும் அதன் மனிதரும் என்று கொப்பி காட்டியது. அடுத்து, பழைய பெருங்குடும்பமொன்று நொடித்துப் போவதைச் சொல்லும் மீரானின் 'சாய்வு நாற்காலி'யைத் தேடி எடுத்தாள், முடித்தும் விட்டாள்.

ஒரு பிழையும் நேர்ந்தது. வேறொரு நூலுக்கு "சலிப்பு" என்று எழுதியிருந்தாள். திகதியைப் பார்த்தால், அது பிள்ளை காய்ச்சலில் கிடந்த வாரம். குற்றம் நூலினதல்ல! இப்போது வாசித்த நேரத்தையும் நிலைமையையும் சேர்த்தெழுதுகிறாள்; அப்படி விட்டவற்றை மீண்டும் எடுக்கிறாள்.

ஒரே வகைக்குள் அடைபடாதிருக்க, ஐந்தாவது நூலை மட்டும் கொப்பியைப் பாராமல் மகளிடம் தேர்ந்தெடுக்கச் சொல்வாள். போன முறை வந்தது தேனீ வளர்ப்பு. அதற்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள்.