நாள் தள்ளியும் ஒற்றைக் கோடு

மாதவிடாய் வரவேண்டிய நாளில் வரவில்லை. வீட்டில் செய்து பார்த்த சிறுநீர்ப் பரிசோதனையிலோ ஒரு கோடுதான் தெரிகிறது. இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. கர்ப்பம் இல்லாமல் வேறு காரணத்தால் நாள் தள்ளியிருக்கலாம். அல்லது கர்ப்பம் இருந்தும், கிட் அதைக் கண்டுகொள்ளும் கட்டம் இன்னும் வராமல் இருக்கலாம். பெரும்பாலான நேரங்களில் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: அந்த மாதம் கருமுட்டை வழக்கத்தைவிடத் தாமதமாக வெளிவந்திருக்கிறது.

மாதவிடாய்ச் சுழற்சிக்கு இரண்டு பாதிகள். இரத்தப்போக்கு தொடங்கிய நாள் முதல் சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிவரும் நாள் வரை முதல் பாதி. அதன்பின் அடுத்த மாதவிடாய் வரை இரண்டாம் பாதி. இரண்டாம் பாதி ஒரு பெண்ணுக்கு மாதாமாதம் அதிகம் மாறுவதில்லை, பொதுவாக 14 நாட்களை ஒட்டியே இருக்கும். நீள்வதும் குறுகுவதும் முதல் பாதிதான். ஒரு காய்ச்சல், தேர்வுப் பதற்றம், தூக்கம் கெடுத்த இரவுப் பணி, பட்டினி போட்டு உடல் எடையைக் குறைத்தது என எதுவும் கருமுட்டை வெளிவருவதைச் சில நாட்கள் தள்ளிவிடலாம். முட்டை தள்ளினால் மாதவிடாயும் அதே அளவுக்குத் தள்ளும்.

கர்ப்பப் பரிசோதனை தேடுவது ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோனை. விந்தணுவும் முட்டையும் சேர்ந்த உடனே இது சிறுநீரில் வந்துவிடாது. கரு நகர்ந்து வந்து கருப்பையின் உட்சுவரில் பதிந்த பிறகே இரத்தத்தில் கலக்கத் தொடங்கும். பெரும்பாலான கருக்கள் முட்டை வெளிவந்த 8 முதல் 10 நாட்களுக்குள் பதிகின்றன. சில, 12 நாள் வரை எடுத்துக்கொள்கின்றன. பதிந்தபின் ஹார்மோனின் அளவு ஏறத்தாழ இரண்டு நாட்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கடைகளில் கிடைக்கும் பல கிட்கள் ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 25 மில்லி அலகு சேர்ந்தால்தான் இரண்டாம் கோட்டைக் காட்டும். அந்த அளவைத் தொடச் சில நாட்கள் ஆகும். அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பமான பெண்களில் சுமார் 10 சதவீதத்தினருக்கு மாதவிடாய் எதிர்பார்த்த நாள் வந்தபோதும் கரு பதிந்திருக்கவே இல்லை. அன்று எவ்வளவு நல்ல கிட்டை வாங்கினாலும் அதில் தெரிய எதுவும் இல்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். ஒரு பெண்ணுக்கு 28 நாள் சுழற்சி. மார்ச் 1-ல் மாதவிடாய் தொடங்கியது. அடுத்தது மார்ச் 29-ல் வரவேண்டும். வழக்கமாக 14-ஆம் தேதிவாக்கில் வெளிவரும் முட்டை, இடையில் வந்த காய்ச்சலால் 21-ஆம் தேதிக்குத் தள்ளிப்போகிறது. அன்று கருவுற்று, ஒன்பது நாள் கழித்து மார்ச் 30-ல் கரு பதிகிறது. மார்ச் 31-ல், அதாவது நாள் தள்ளி இரண்டாம் நாள், சோதித்தால் ஒரு கோடுதான் வரும். ஏப்ரல் 5-ஐ ஒட்டி மங்கலான இரண்டாம் கோடு தெரியலாம். 7-ஆம் தேதி பெரும்பாலும் தெளிவாகத் தெரியும். அதே மாதம் அவர் கருவுறாமல் இருந்திருந்தால், ஏப்ரல் 4-ஐ ஒட்டி மாதவிடாய் வந்திருக்கும். முதல் சோதனைக்கு ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். அந்த ஒரு வாரத்துக்குள் இரண்டில் ஒன்று பெரும்பாலும் தெரிந்துவிடும். தினமும் ஒரு கிட் வாங்கிப் பார்ப்பதில் பணமும் மன அமைதியும் கரைவதே மிச்சம். பொறுக்க முடியாதவர்கள் குறைந்தது மூன்று நாளாவது இடைவெளி விடலாம்.

சுழற்சியே ஒழுங்கில்லாதவர்களுக்கு எந்த நாள் 'தள்ளிய நாள்' என்றே சொல்ல முடியாது. அவர்கள் மாதவிடாயிலிருந்து எண்ணாமல், கடைசியாகப் பாதுகாப்பின்றி உறவுகொண்ட நாளிலிருந்து எண்ணவேண்டும். அதற்கு 21 நாட்கள் கழித்து முறையாகச் செய்த சோதனையிலும் ஒரு கோடே வந்தால், அந்த உறவால் கர்ப்பம் உண்டாகவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம்.

முறையாகச் செய்வது என்பதில் சில சிறு விஷயங்கள் அடங்கும். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரில் ஹார்மோன் செறிவாக இருக்கும். நிறையத் தண்ணீர் குடித்தபின் சோதித்தால் நீர்த்துப்போகும். உறையில் உள்ள காலாவதித் தேதியைப் பார்க்கவேண்டும். எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம் என்பது கிட்டுக்குக் கிட் மாறும். அதன் தாளில் உள்ளபடியே செய்யவேண்டும். 'சி' என்ற இடத்தில் கோடு வராவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. குறித்த நேரத்துக்குள் 'டி' பக்கம் மங்கலாக நிறக்கோடு வந்தாலும் அது கர்ப்பம் என்றே கொள்ளப்படும். குப்பையில் போட்டதை மாலையில் எடுத்துப் பார்த்துக் கண்ட கோட்டுக்கு மதிப்பில்லை.

மறுபரிசோதனையிலும் ஒரு கோடே வந்து, மாதவிடாயும் வரவில்லை என்றால், அந்த மாதம் முட்டை வெளிவராமலே போயிருக்கலாம். இளம் பெண்களிடம் இதற்கு அடிக்கடி காணப்படும் காரணம், நீர்க்கட்டி என்று பேச்சில் சொல்லப்படும் பி.சி.ஓ.எஸ். முகத்தில் முடி, பருக்கள், எடை கூடுதல் ஆகியவை உடன் இருந்தால் சந்தேகம் வலுக்கும். தைராய்டு கோளாறும், புரோலாக்டின் ஹார்மோன் மிகுவதும் இப்படிச் செய்யும். மனநோய் மருந்துகள் சிலவும், வாந்திக்குத் தரும் டொம்பெரிடோனும் புரோலாக்டினைக் கூட்டக்கூடியவை. அவசர கருத்தடை மாத்திரை போட்ட மாதத்தில் நாள் முன்பின் ஆவது சாதாரணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியை நிறுத்தியபின் சுழற்சி திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். பாலூட்டும் தாய்க்கு முதல் மாதவிடாய் வரும் முன்பே முட்டை வெளிவந்துவிடக்கூடும் என்பதால், மாதவிடாய் இல்லாததை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. 45 வயதை ஒட்டியவர்களுக்கு மாதவிடாய் நிற்கப்போவதன் முதல் அறிகுறியாகவும் இது இருக்கலாம்.

மருந்துக் கடையில் கேட்டு, மாதவிடாயை வரவழைக்கும் மாத்திரையையோ கருக்கலைப்பு மாத்திரையையோ போட்டுக்கொள்வது ஆபத்தானது. கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிட்டால் ஹார்மோன் மெதுவாகவே ஏறும். சிறுநீர்ச் சோதனை பிந்திக் காட்டலாம், அரிதாகக் காட்டாமலும் போகலாம். கருக்கலைப்பு மாத்திரை அந்தக் கருவைக் கலைக்காது. அதனால் வரும் இரத்தப்போக்கு, பிரச்சினை தீர்ந்ததாக நம்பவைத்துவிடும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை முனையில் வலி, மயக்கம், திடீர் இரத்தப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் கிட் என்ன காட்டியது என்று பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

அவசர அறிகுறி ஏதும் இல்லாதபோது, இரண்டாம் சோதனைக்குப் பிறகும் குழப்பம் நீடித்தால் இரத்தத்தில் ஹெச்.சி.ஜி. அளவைப் பார்க்கலாம். சிறுநீரில் தெரியும் முன்பே இரத்தத்தில் அது தெரியும். அளவு குறைவாக இருந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து ஏற்றத்தை ஒப்பிடுவார்கள். கர்ப்பம் இல்லை என்று உறுதியானபின், முன்பு ஒழுங்காக இருந்த மாதவிடாய் மூன்று மாதம் வராவிட்டாலோ, முன்பே ஒழுங்கற்றிருந்தது ஆறு மாதம் வராவிட்டாலோ, தைராய்டு, புரோலாக்டின் அளவுகளும் தேவைப்பட்டால் ஸ்கேனும் பார்ப்பது வழக்கம்.