வராத பிள்ளைக்கு ஷீட் போட்ட பாஸ்

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஆளுக்கொரு தாளில் மார்க் எழுதித் தந்த காலம் போய், பாட ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே கூகுள் ஷீட்டில் ஏற்றும் பழக்கம் பல பள்ளிகளில் வந்துவிட்டது. வகுப்பாசிரியர் என்ற முறையில் சக ஆசிரியர்களுக்கு அதற்காக ஒரு குறிப்பு எழுதினேன். பாதிக்கு மேல் தேர்வுக்கு வராத பிள்ளைகளைப் பற்றித்தான்.

வராத பிள்ளைக்கு ஒருவர் 0 போடுவார், ஒருவர் AB என்பார், ஒருவர் கட்டத்தைக் காலியாக விடுவார். ஷீட்டுக்கு இவை மூன்றும் வேறு வேறு. ஐந்து பேரில் நால்வரின் மார்க் 72, 48, 35, 65, கூட்டினால் 220. ஐந்தாவது பிள்ளை வரவில்லை. AB என்று போட்டால் சராசரி நால்வருக்குக் கணக்காகி 55 வரும். 0 போட்டால் ஐவருக்குக் கணக்காகி 44 ஆகும். நன்றாக எழுதிய வகுப்பு, காகிதத்தில் மோசமாகத் தெரியும்.

இதைவிட வேடிக்கை பாஸ், ஃபெயில் பத்தியில் நடக்கும். 35-க்கு மேல் பாஸ் என்று எளிதாகச் சூத்திரம் எழுதினால் AB வாங்கிய பிள்ளையும் பாஸ்! எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடும்போது எழுத்தே பெரியது என்பது ஷீட்டின் கணக்கு. அதனால் AB-யை முதலில் பிரித்துவிட வேண்டும்:

```
=IF(C5="","",IF(C5="AB","AB",IF(C5>=35,"P","F")))
```

ஆக, வராதவருக்கு AB மட்டும். காலிக் கட்டம் என்றால் இன்னும் ஏற்றவில்லை என்று பொருள். 0 என்பது வந்து உட்கார்ந்து எழுதியும் ஒன்றும் கிடைக்காதவருக்கு.

45-ல் சுழியத்துக்குப் பதில் ஆங்கில O விழும் கோளாறு வராது, 40-ல் வரும். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் SUM அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். நாமாக இடம் மாற்றி அமைக்காதவரை எண் கட்டத்தின் வலப்பக்கம் நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒதுங்கும். AB இல்லாத ஒன்று இடப்பக்கம் நின்றால் அதைத் திரும்ப அடியுங்கள்.

இனி வரிசை மாற்றும் விஷயம். யார் முதல் மார்க் என்று பார்க்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. மார்க் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் பெயர்கள் அப்படியே நிற்கும், மார்க் மட்டும் நகரும்; ஒருவர் மார்க் இன்னொருவர் தலையில் போய் உட்காரும். பார்க்க மட்டும்தான் என்றால் Data மெனுவில் Create filter view போதும். அந்த வரிசை மூல ஷீட்டைத் தொடாது.

தவறி மாற்றிவிட்டால் உடனே Ctrl+Z. நேரம் கடந்திருந்தால் File மெனுவில் Version history உண்டு. ஆனால் பழைய பதிப்பை மீட்டால் அதற்குப் பிறகு மற்றவர்கள் ஏற்றிய மார்க்கும் சேர்ந்தே போய்விடும். மீட்பதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுங்கள்.