கரைக்கு வந்த பிள்ளையும் முகாமில் இருக்கும் பிள்ளையும்

2024 டிசம்பர் 19ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கடலில் ஒரு படகு தத்தளிப்பதை மீனவர்கள் கண்டார்கள். மியன்மாரின் ரோஹிங்கிய மக்கள் நூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். அவர்களில் பிள்ளைகளும் பலர். ஊர்க்காரர்கள் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மறுநாள் கடற்படை அந்தப் படகைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து அஷ்ரப் இறங்குதுறையில் ஆட்களை இறக்கியது. முதலில் ஜமாலியாப் பாடசாலையில் தங்கவைக்கப்பட்டவர்கள், பிறகு கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

அந்தப் பிள்ளைகளைக் கடலில் விட்டிருக்கலாம் என்று சொல்லக்கூடியவர்கள் நம்மில் மிகக் குறைவு. ஆனால் அவர்களுடைய இனத்தவர் பத்து இலட்சம் பேர், வங்கதேசத்தின் கொக்ஸ் பசார் முகாம்களில் இருக்கிறார்கள். 2017 ஓகஸ்டில் தொடங்கிய மியன்மார் இராணுவத்தின் வெறியாட்டத்தில் மட்டும் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சில மாதங்களுக்குள் அங்கே ஓடிவந்தார்கள். அங்கே ஒரு பிள்ளை பசியில் மெலிந்தால், திருகோணமலையில் வசதியாக இருக்கும் ஒருவருக்கு அதில் ஏதாவது கடமை உண்டா? இந்தக் கேள்விக்கு மெய்யியலில் ஒரு கூர்மையான பதில் இருக்கிறது.

சிங்கரின் வாதம்

1971இல் கிழக்கு வங்காளத்தில் நடந்த போரால் ஏறத்தாழ 90 இலட்சம் பேர் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தார்கள். அந்த ஆண்டின் நவம்பரில், பீட்டர் சிங்கர் என்ற 25 வயது அவுஸ்திரேலிய மெய்யியலாளர் அவர்களை மனதில் வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அது 1972இல் வெளிவந்தது.

அவர் சொன்ன உதாரணத்தை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். கந்தளாய்ப் பக்கம் ஒரு சிறு குளத்தைக் கடந்து போகிறீர்கள். முழங்கால் அளவு தண்ணீரில் ஒரு குழந்தை மூழ்கிக்கொண்டிருக்கிறது. இறங்கினால் உடுப்பு சேறாகும், வேலைக்குப் பிந்தும். அதற்காக இறங்காமல் போகலாமா? கூடாது என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

ஏன் கூடாது என்பதற்கு அவர் ஒரு பொது விதியைச் சொல்கிறார். மிகக் கெட்ட ஒன்று நடக்காமல் தடுக்க நம்மால் முடியும், அதற்காக நாம் இழப்பது அதற்கு ஈடான பெறுமதி உள்ளது அல்ல என்றால், அதைத் தடுக்க வேண்டியது கடமை. பசியும் இருப்பிடமின்மையும் மிகக் கெட்டவை. வசதி உள்ளவர்களால் அவற்றில் ஒரு பகுதியைத் தடுக்க முடியும். ஆகவே உதவி என்பது கொடுத்தால் பாராட்டு, கொடுக்காவிட்டால் பரவாயில்லை என்ற தர்ம காரியம் அல்ல. அது கொடுக்காவிட்டால் தவறாகும் கடமை.

இந்த விதியில் 'அருகில் இருப்பவருக்கு மட்டும்' என்ற சொல் இல்லை. 'வேறு யாரும் இல்லாதபோது மட்டும்' என்ற சொல்லும் இல்லை. வாதத்தின் பலம் முழுவதும் இந்த இரண்டு இன்மைகளில்தான் இருக்கிறது. ஆகவே அவற்றைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

தூரம் எதை மாற்றுகிறது?

அருகில் இருக்கும் பிள்ளைக்கு என்ன தேவை என்று நமக்குத் தெரியும். தூரத்துப் பிள்ளையைப் பற்றித் தெரியாது; கொடுப்பது போய்ச் சேருமா என்றும் தெரியாது. இது நியாயமான தயக்கம். ஆனால் இதில் தடையாக இருப்பது அறியாமைதானே ஒழிய மைல்கணக்கு அல்ல. அறியாமை நீங்கினால் தயக்கமும் நீங்க வேண்டும்.

கொக்ஸ் பசாரில் என்ன நடந்தது என்று துல்லியமாகவே தெரியும். அங்கே உலக உணவுத் திட்டம் ஆளுக்கு மாதம் 12 டொலர் பெறுமதியான உணவுப் பங்கீடு கொடுத்துவந்தது. நிதி குறைந்ததால் 2023 மார்ச்சில் அதை 10 டொலராகவும் ஜூனில் 8 டொலராகவும் வெட்டியது. ஒருநாள் சாப்பாட்டுக்கு 27 சதம், அதாவது நம் காசில் எண்பது ரூபா அளவில். அந்த ஆண்டின் இறுதிக்குள் முகாம் பிள்ளைகளிடையே கடும் போசாக்கின்மை 15 சதவீதத்தைத் தாண்டியது. உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை என்று வகுத்திருக்கும் எல்லையே அந்த 15தான். பிறகு நிதி வந்தபோது பங்கீடு படிப்படியாக மேலே ஏறியது. 2025இல் 6 டொலராக வெட்டப்போவதாக மீண்டும் அறிவித்தார்கள். கடைசி நேரத்தில் பணம் கிடைத்ததால் 12 டொலரில் நிறுத்த முடிந்தது.

காசு குறைந்தபோது பிள்ளைகள் மெலிந்தார்கள், காசு வந்தபோது தட்டு நிறைந்தது. இவ்வளவு தெரிந்த பிறகு 'எனக்கு எங்கே தெரியும்' என்று சொல்ல முடியாது.

'மற்றவர்களும் இருக்கிறார்களே'

குளக்கரையில் பத்துப் பேர் சும்மா நின்றால், பதினோராவது ஆளின் கடமை பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்காது. யாரும் இறங்காவிட்டால் குழந்தை செத்துப்போகும். இதை வங்காள விரிகுடாவே காட்டியிருக்கிறது. 2022 டிசம்பரில் ரோஹிங்கிய அகதிகளின் படகுகள் இயந்திரம் பழுதாகி மிதந்தன. காப்பாற்றுமாறு ஐ.நா. அகதிகள் முகவரகம் கரையோர நாடுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டது. ஒவ்வொரு நாடும் அடுத்த நாடு பார்த்துக்கொள்ளும் என்றிருந்தது. ஒரு படகு ஒரு மாதத்துக்கு மேல் மிதந்து, பலரைப் பலிகொடுத்த பின்பே இந்தோனேசியாவின் அச்சேயில் ஒதுங்கியது. அதே மாதத்தில் இன்னொரு படகில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை இலங்கைக் கடற்படை மீட்டது. இரண்டு படகுகளுக்கும் இருந்த வேறுபாடு, ஒன்றுக்கு 'அடுத்தவர் வருவார்' என்று காத்திராத ஒருவர் கிடைத்தார் என்பதே.

முடிவில்லாத குளம்

சிங்கருக்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிகக் கனமானது இது. குளத்தில் ஒரு குழந்தையைத் தூக்கிவிட்டால் வேலை முடிந்தது. உலகத்திலோ ஒன்றைத் தூக்கினால் அடுத்தது இருக்கும். அப்படியானால் பிள்ளையின் ரியூசன் காசு, வீட்டுக்கு ஒரு பூச்சு, கோயில் திருவிழாவுக்கு ஒரு புதுச்சேலை எல்லாமே தவறா? விதியை அதன் கடைசி எல்லைவரை கொண்டுபோனால், நாமும் அகதியின் நிலைக்குக் கிட்டவரும்வரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிங்கர் அந்த முடிவை மறைக்கவில்லை. ஆனால் அப்படி வாழக்கூடியவர் மிகச் சிலர். முடியாத கடமையைச் சொன்னால் மனிதர் முடிந்ததையும் செய்யாமல் விட்டுவிடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். 2009இல் எழுதிய நூலில் அவரே, பெரும்பாலானோர் வருமானத்தில் ஒரு சதவீதம் போன்ற சிறு பங்கில் தொடங்கலாம், வருமானம் ஏற ஏறப் பங்கும் ஏற வேண்டும் என்று அளவு வைத்தார்.

இந்த அளவுமுறை திருகோணமலைக்குப் புதிதல்ல. ஸகாத் என்பது இதுதான். நிஸாப் அளவைத் தாண்டி ஒரு வருடம் கையில் நின்ற செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 சதவீதம். 40 இலட்சம் ரூபா சேமிப்பு இருந்தால் ஒரு இலட்சம். விரும்பிக் கொடுக்கும் ஸதகா வேறு. ஸகாத் கட்டாயக் கடமை. கொடுத்து முடித்தவர் அந்த ஆண்டுக்கான கடமையை நிறைவேற்றியவர். மிச்சக் காசில் திருமணம் செய்யலாம், வீடு கட்டலாம், குற்ற உணர்வு வேண்டாம். கிறிஸ்தவ வீடுகளில் தசமபாகமும் இதே அமைப்புத்தான். இந்த வரிசையில் நின்று பார்த்தால் முடிவில்லாத குளத்துக்கு ஒரு விடை கிடைக்கிறது: கடமை உண்மையானது, ஆனால் அதற்கு அளவு உண்டு.

ஒரு கணக்குப் போடுவோம். மாதம் இரண்டு இலட்சம் ரூபா வரும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு சதவீதம் 2,000 ரூபா. கொக்ஸ் பசாரில் பங்கீடு 12 டொலரிலிருந்து 8 டொலருக்கு விழுந்தபோது ஒரு பிள்ளை இழந்தது 4 டொலர், அதாவது ஏறத்தாழ 1,200 ரூபா. அந்த வீடு அந்த இழப்பை ஈடுசெய்து, மிச்சமும் வைத்திருக்கும். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ நல்ல சம்பளம் வாங்கும் உறவினர் ஒருவரின் ஒரு சதவீதம் பல பிள்ளைகளின் இழப்பை ஈடுசெய்யும். கடன் கட்டவே தடுமாறும் வீட்டுக்கு இந்தக் கடமை இல்லை. 2022 நெருக்கடியில் நம் நாட்டு வீடுகள் பல தாங்களே உணவு உதவி பெற்றன.

கொடுப்பதில் எங்கே பிழைக்கிறது?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் உலகம் கொட்டிக் கொடுத்தது. அந்த உதவியை ஆராய்ந்த சர்வதேச மதிப்பீட்டுக் குழு, பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டொலருக்கு மேல் வந்தது என்று கணித்தது. அதே 2004இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் செலவானது 3 டொலர். தொலைக்காட்சியில் தெரிந்த துன்பத்துக்குக் காசு ஓடியது, தெரியாததற்கு ஓடவில்லை. நமக்கு வந்த உதவியிலும் பிழைகள் இருந்தன. இலங்கைக் கரையோரத்தில் சில இடங்களில் இழந்ததைவிட அதிகமான படகுகள் வந்து இறங்கின. அவற்றில் பல கடலுக்கு உதவாத தரம். கொடுத்தவர்களின் மனம் நல்லதுதான், ஆனால் வேண்டியவர்களைக் கேட்டுவிட்டுக் கொடுக்கவில்லை.

ஆகவே கொடுக்குமுன் இரண்டு கேள்வி போதும். இப்போது எங்கே குறைகிறது? அங்கே உள்ளவர்கள் எதைக் கேட்கிறார்கள்? பங்கீட்டு வெட்டைப்போல அளந்து அறிவிக்கப்பட்ட குறையைத் தீர்க்கும் காசு, படத்தைப் பார்த்து உருகி அனுப்பும் பொருளைவிட அதிகம் செய்யும்.

அரசின் பங்கு

கடலில் ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்ற வேண்டும் என்று சர்வதேசக் கடல் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் இறங்குதுறையோடு நின்றுவிடுகிறது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை சேரவில்லை. ஆகவே முள்ளிவாய்க்காலில் கண்ட படகின் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் பேச்சு எழுந்தபோது அவர்களுக்குச் சட்டக் கவசம் குறைவாக இருந்தது. அனுப்ப வேண்டாம் என்று வடக்கில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள்.

சிங்கரின் வாதம் அரசை விட்டுத் தனிமனிதர் தலையில் சுமையை ஏற்றுகிறது என்று சொல்வோர் உண்டு. 1971இலேயே அவர் அரசுகளின் கஞ்சத்தனத்தையும் கண்டித்தார். தன் நாடு அகதிகளுக்குக் கொடுத்தது சிட்னி ஒபரா மாளிகையின் செலவில் பன்னிரண்டில் ஒரு பங்கும் இல்லை என்று எழுதினார். கையில் உள்ள காசைக் கொடுப்பதும், நம் அரசு இந்த உடன்படிக்கையில் சேர வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்பதும் ஒரே கடமையின் இரு பகுதிகள். முதலாவது கொக்ஸ் பசாரில் ஒரு பிள்ளையின் இந்த மாதச் சாப்பாடு. இரண்டாவது, அடுத்த படகு கரைசேரும்போது அதில் உள்ள பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாதபடி செய்யும் சட்டம்.