வட்டி அசலாகும் நாள்

அப்பா ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஆவணி பிறந்துவிட்டால் அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருக்கும். தீபாவளிச் சரக்கு எடுக்க ஈரோட்டுக்குப் போக வேண்டும், அதற்கு ரொக்கம் வேண்டும். மூன்று பவுன் சங்கிலி கடைவீதிக் கோடியிலிருந்த சேட்டு கடைக்குப் போகும். கார்த்திகையில் திரும்பி வரும். 1980களின் நடுவில் பெரும்பாலான வருடங்கள் இப்படித்தான் போயின.

பையனாக இருந்தபோது அப்பாவோடு நானும் போயிருக்கிறேன். சேட்டு சங்கிலியை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுப்பார். அந்தக் கோட்டின் மேல் அமிலத்தைத் தொட்டு வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். பிறகு சின்னத் தராசு. “மூவாயிரம் தரேன் முதலாளி” என்பார். நூற்றுக்கு இரண்டு வட்டி, அதாவது மாதம் அறுபது ரூபாய். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 2,940 ரூபாயை எண்ணி வைப்பார். நகையைத் துணிப்பையில் போட்டு, சீட்டு எண் எழுதிய அட்டையைக் கட்டி, இரும்புப் பெட்டிக்குள் வைப்பார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

மாதாமாதம் வட்டி கட்டு என்று சேட்டு நெருக்கியதில்லை. கட்டாத மாதங்கள் அப்படியே கணக்கில் நிற்கும். மீட்கும்போது அசலோடு சேர்த்துக் கொடுத்தால் போதும். வட்டிக்கு வட்டியும் கிடையாது. ஆனால் மாதம் பிறந்து ஒரு நாள் தாண்டினாலும் முழு மாத வட்டி. அதனால் தேதிக்கு முதல் நாளே அப்பா ஓடுவார். வருடம் தாண்டியும் மீட்க முடியாவிட்டால் ‘மாற்றி வைப்பது’ என்று ஒன்று உண்டு. பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதுச் சீட்டு எழுதுவார்கள். அதில் அசல் 3,000 என்று இருக்காது, பாக்கி வட்டியும் ஏறி உட்கார்ந்திருக்கும். வட்டி அசலாக மாறுகிற நாள் அதுதான். கண்ணெதிரே நடக்கும், கையெழுத்தும் போட வேண்டும். அப்பா ஒரே ஒரு முறை அப்படிப் போட்டுவிட்டு வந்து, இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

இன்று அதே கடையைத் தம்பி நடத்துகிறான். அவன் போவது வங்கிக்கு. தொழிலுக்கான நகைக்கடன் என்று கேட்டுத்தான் வாங்குகிறான். கடைப் பதிவுச் சான்று, ஜி.எஸ்.டி. எண், பணம் எதற்கு என்ற விவரம் எல்லாம் கேட்கிறார்கள். கடந்த ஆடிக் கடைசியில் தம்பி மனைவியின் நகைகளை வைத்தபோது நானும் கூட இருந்தேன்.

மொத்த எடை 40 கிராம். அப்ரைசர் கல்லுக்கும் அரக்குக்கும் 4 கிராம் கழித்தார். மிச்சம் 36. வட்டக் கணக்காக, கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மதிப்பு 3,24,000. நூற்றுக்கு எழுபத்தைந்து கணக்கில் 2,43,000 வரும். தம்பியும் அதைத்தான் எதிர்பார்த்தான். வங்கியில் 2,15,000 என்றார்கள். அவன் முகம் சுருங்கியது.

காரணம் எளிது. இந்தக் கடனில் மாதாமாதம் எதுவும் கட்ட வேண்டாம். வருட வட்டி 12 சதவீதம், மாதத்துக்கு ஒன்று. அது மாதக் கடைசியில் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். தவணை முடியும்போது அசலும் வட்டியும் ஒரே கட்டாகக் கட்ட வேண்டும். ஆகவே வங்கி, இன்று தரும் தொகையைப் பார்ப்பதில்லை, பன்னிரண்டாம் மாதம் வந்து நிற்கப்போகும் தொகையைத்தான் பார்க்கிறது. 2,15,000 அன்றைக்கு 2,42,267 ஆகியிருக்கும். 2,43,000 என்ற கோட்டுக்குள் அது சரியாக அடங்குகிறது. பிறகு கட்டலாம் என்ற சலுகைக்கு முன்கூட்டியே கொடுக்கும் விலை, கையில் குறைவாகக் கிடைக்கும் அந்தப் பணம்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வட்டிக்கு வட்டி இல்லாமல் கணக்குப் போட்டால் ஒரு வருடத்துக்கு 25,800 தான் வரும். இங்கே வருவது 27,267. அப்பா காலத்தில் வருடம் தாண்டி, கையெழுத்துப் போட்டு நடந்த காரியம் இப்போது ஒவ்வொரு மாதக் கடைசியிலும் தானாக நடக்கிறது. யாரும் சீட்டைக் கிழிப்பதில்லை, யாருக்கும் முகம் வாடுவதில்லை. கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தால் உண்டு.

இதை வைத்துக்கொண்டு சேட்டுதான் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. நூற்றுக்கு இரண்டு என்றால் வருடத்துக்கு 24. வட்டிக்கு வட்டி போட்டும்கூட வங்கியில் அதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். என் குறை வேறு. வட்டி கண்ணில் படாததால் கடன் சும்மா கிடக்கிறது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. சரக்கு வாங்க எடுத்த பணம் சரக்கு விற்றதும் திரும்ப வேண்டும். அப்படிப் போன இடமும் வரும் நாளும் தெரிந்த பணத்துக்குத்தான் இந்த முறை பொருந்தும். கடை வாடகைக்கும் ஆள் சம்பளத்துக்கும் இதை எடுத்தால் திருப்பிக் கட்டுகிற பருவமே வராது.

தங்க விலை இறங்கினால் இன்னும் சிக்கல். மேலே சொன்ன நகையின் விலை பத்து சதவீதம் விழுந்தால் மதிப்பு 2,91,600. பன்னிரண்டாம் மாதக் கடனோ 2,42,267. நூற்றுக்கு எண்பத்து மூன்று ஆகிவிட்டது. கொஞ்சம் பணம் கட்டுங்கள், இல்லையென்றால் கூட நகை வையுங்கள் என்று அழைப்பு வரும். மாத வட்டியைக் கட்டிக்கொண்டே வந்தவருக்குக் கடன் 2,15,000-லேயே நிற்கும். இந்த அழைப்பு அவருக்கு வராது.

மாற்றி வைப்பதும் இப்போது பழையபடி இல்லை. சில காலம் முன்புவரை, காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் வட்டியையும் சேர்த்துப் புதுக் கடனாக்கிவிடும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. ரிசர்வ் வங்கி 2024 செப்டம்பரில் நகைக்கடன் குளறுபடிகளைச் சுட்டிக்காட்டியது. 2025 ஜூனில் புது விதிமுறைகள் வந்தன. அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவரக் கடைசி நாள் 2026 ஏப்ரல் 1. சேர்ந்த வட்டியைக் கட்டினால்தான் இந்த வகைக் கடனைப் புதுப்பிக்கலாம் என்கிறது விதி. நல்ல விதிதான். ஆனால் வட்டி கட்டக் காசில்லாதவர் வெளியே ஒருநாள் கைமாற்று வாங்கி, அதற்குக் கமிஷன் கொடுத்து, மறுபடி நகையை வைத்து அந்தக் கைமாற்றை அடைப்பதும் நடக்கிறது.

அதே விதிமுறைகளில் வாங்குகிறவருக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. கடனை முழுக்கக் கட்டிய பின் ஏழு வேலை நாட்களுக்குள் நகையைத் தர வேண்டும். கொடுத்தவர் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு. அப்பா காலத்தில் சேட்டு கடை பூட்டியிருந்தால் மறுநாள் போவோம், அவ்வளவுதான்.

தம்பி கார்த்திகைக் கடைசியில் மீட்டான். நாலு மாதத்துக்குக் கட்டியது 2,23,730. வட்டிக்கு வட்டியாகப் போனது வெறும் 130 ரூபாய். தம்பி மனைவி வங்கிப் படியிலேயே நின்று பையைப் பிரித்து, ரசீதில் எழுதியிருந்ததோடு ஒவ்வொரு நகையாகச் சரிபார்த்த பிறகுதான் ஆட்டோவில் ஏறினாள்.