ஃபார்வர்டில் கரையும் ஒட்டு

2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனா லிஃப்டுக்குள் நுழைவதுபோல ஒரு வீடியோ இணையமெங்கும் சுற்றியது. உண்மையில் அது வேறொரு பெண் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்த வீடியோ. யாரோ முகத்தை மட்டும் மாற்றிவிட்டிருந்தார்கள். மூல வீடியோ கிடைத்ததும் குட்டு உடைந்தது. போதாக்குறைக்கு, போலி வீடியோவின் தொடக்கத்திலேயே ஒரு கணம் அந்தப் பெண்ணின் சொந்த முகம் தெரிந்து, பிறகுதான் மாறியது. வீடியோ எத்தனை கை மாறினாலும் இந்த இரண்டு சான்றுகளும் அழியாது. முகமாற்று வீடியோவைக் காட்டிக்கொடுக்கும் மற்ற தடயங்களில் பலவற்றுக்கு அந்த ஆயுள் கிடையாது.

அவை என்ன தடயங்கள்? முகமாற்று மென்பொருள் புதிய முகத்தைப் பெரும்பாலும் ஒரு சின்னச் சதுரத்தில்தான் உருவாக்குகிறது. பக்கத்துக்கு 128 பிக்சலோ 256 பிக்சலோ இருக்கும். அதை இழுத்துப் பெரிதாக்கி, தலையின் சாய்வுக்கு ஏற்பத் திருப்பி, பழைய முகத்தின் மேல் ஒட்டி, விளிம்பை மழுக்கிவிடுகிறது. இழுத்துப் பெரிதாக்கியதால் கன்னம் வழவழப்பாக இருக்கும். கழுத்திலோ கேமரா பதிவு செய்த பொடிப் பொடியான இரைச்சல் அப்படியே இருக்கும். தாடையோரத்திலும் நெற்றியிலும் ஒட்டு விழுந்த இடத்தில் ஓரிரு பிக்சல் அகலத்துக்கு மங்கலான கோடு ஓடும். பற்கள் தனித்தனியாகப் பிரியாமல் ஒரே வெள்ளைப் பட்டையாகத் தெரியும். இவை எல்லாமே நுணுக்கமான விவரங்கள். சமூக ஊடகத்தின் சர்வர் முதலில் கை வைப்பதும் அங்கேதான்.

நாம் ஏற்றும் கோப்பை அந்தத் தளங்கள் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொள்வதில்லை. இடமும் டேட்டாவும் மிச்சமாக வேண்டுமே. முதலில் அளவைக் குறைக்கின்றன. நீள அகலத்தைப் பாதியாக்கினால் இரண்டு பிக்சல் ஒட்டுக்கோடு ஒரே பிக்சலாகி, பக்கத்து நிறத்தோடு கலந்துவிடும். அடுத்து மறுசுருக்கம். ஜேபெக் படத்தில் இது நடக்கும் விதம் எளிமையானது. படம் 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் 64 எண்களாக மாற்றப்படுகிறது. முதல் எண் கட்டத்தின் சராசரி வெளிச்சம். பின்னால் போகப் போக மேலும் மேலும் நுணுக்கமான ஏற்ற இறக்கங்கள். ஒவ்வொரு எண்ணையும் ஒரு வகுப்பானால் வகுத்து, முழு எண்ணாக்கிச் சேமிக்கிறார்கள். ஜேபெக் தரநிலை மாதிரியாகத் தரும் அட்டவணையில் முதல் எண்ணுக்கான வகுப்பான் 16, கடைசி எண்ணுக்கு 99. கடைசி இடத்தில் 49 என்ற எண் இருந்தால், 99-ஆல் வகுக்கும்போது பாதிக்கும் குறைவாகி, பூஜ்யமாகப் பதிவாகும். பூஜ்யத்திலிருந்து 49-ஐ மீட்க எந்த மென்பொருளாலும் ஆகாது.

கழுத்தின் இரைச்சலும் இந்தச் சல்லடையில்தான் போகிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஏனென்றால் முகத்தின் வழவழப்பு மட்டும் தடயமாகாது. கழுத்து அப்படி இல்லை என்பதுதான் தடயம். மறுசுருக்கம் இரண்டையும் ஒரே வழவழப்பாக்கிவிட்டால், ஒப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சாது. அதே சமயம், முகம் முழுக்கக் கழுத்தைவிடச் சற்று வெளிறியிருந்தால் அந்த வித்தியாசம் ஓரளவு தப்பிக்கும். அது பெரிய பரப்பில் பரவிய, மெதுவாக மாறும் விவரம். வகுப்பான் சிறியதாக உள்ள முதல் எண்களில் அது உட்கார்ந்திருக்கிறது.

வீடியோவில் இன்னொரு சங்கதியும் சேர்கிறது. ஒவ்வொரு சட்டகத்தையும் முழுசாகச் சேமிக்காமல், அவ்வப்போது ஒரு முழுச் சட்டகத்தை வைத்து, இடையில் வருபவற்றுக்கு 'முந்தையதைவிட என்ன மாறியது' என்பதை மட்டும் எழுதிவைப்பார்கள். மாற்றம் சிறியதாக இருந்தால் அதுவும் பூஜ்யமாகிவிடும். போலி முகத்தின் விளிம்பு சட்டகத்துக்குச் சட்டகம் லேசாகத் துடிப்பது நல்ல தடயம். கடும் சுருக்கத்தில் அந்தத் துடிப்பு உறைந்துபோகும். மறுபக்கம், அடுத்த முழுச் சட்டகம் வரும்போது படம் மொத்தமும் ஒரு கணம் குலுங்குவதுபோல் தெரியும். அது அசல் வீடியோவிலும் நடக்கும். அதைப் பார்த்து 'முகம் நழுவுது பாருங்க' என்று சிவப்பு வட்டம் போடுகிறவர்களை நானே கண்டிருக்கிறேன். ஐந்தாறு கை மாறிய அசல் வீடியோவிலும் பற்கள் வெள்ளைப் பட்டையாகும், தாடை கட்டம் கட்டமாக உடையும். ஆக மறுசுருக்கம் போலியின் தடயத்தை அழிப்பதோடு நிற்பதில்லை, அசலின் மேல் பொய்த் தடயத்தையும் பூசிவிடுகிறது.

இந்த இழப்பை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2019-இல் வெளியான ஃபேஸ்ஃபாரன்சிக்ஸ்++ ஆய்வு ஆயிரம் அசல் வீடியோக்களை எடுத்து, நான்கு முறைகளில் முகத்தைத் திருத்தி, அவற்றை மூன்று தரங்களில் வைத்தது: சுருக்காதது, லேசாகச் சுருக்கியது, கடுமையாகச் சுருக்கியது. அதில் சிறப்பாகச் செயல்பட்ட எக்ஸெப்ஷன் என்ற கண்டறியும் நிரல், சுருக்காத வீடியோக்களில் 99 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது. லேசான சுருக்கத்தில் அது சுமார் 96 ஆனது, கடுமையான சுருக்கத்தில் 81. பிக்சல் இரைச்சலை மட்டுமே நம்பிய பழைய முறையோ சுமார் 98-லிருந்து 56-க்கு விழுந்தது. நாணயம் சுண்டினாலே 50 கிடைக்கும். அதே படங்களை 204 பேரிடம் காட்டியபோது, பெரும்பாலும் கணினி அறிவியல் மாணவர்களான அவர்களின் கணிப்பு சுமார் 69 சதவீதத்திலிருந்து 59-க்குக் குறைந்தது.

81 என்பது தேர்வில் நல்ல மதிப்பெண். ஃபார்வர்டு குவியலில் அதன் அர்த்தம் வேறு. உங்களுக்கு வந்த ஆயிரம் வீடியோக்களில் 10 போலி என்று வைத்துக்கொள்வோம். போலி, அசல் இரண்டிலும் நிரல் 81 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று கொண்டால், 10 போலிகளில் எட்டைப் பிடிக்கும். மீதி 990 அசலில் 19 சதவீதத்தை, அதாவது 188 வீடியோக்களை, போலி என்று தவறாகச் சொல்லும். 'போலி' முத்திரை விழுந்த 196-இல் நிஜமான போலி எட்டுதான். சுருக்காத கோப்பின் 99.26 சதவீதத்தில் இதே கணக்கைப் போட்டால், முத்திரை விழும் 17-இல் 10 நிஜப் போலி. ஒரே நிரல்தான். கையில் கிடைத்த பிரதி மாறியதால் அதன் பேச்சின் மதிப்பு இவ்வளவு மாறுகிறது.

அதனால்தான் அனுபவமுள்ள தடயவியல்காரர் வீடியோவைப் பார்க்கும் முன்பே 'இது உங்களுக்கு எப்படி வந்தது?' என்று கேட்பார். படமெடுத்த போனில் உள்ள கோப்புதான் முதல் தரம். அது இல்லையென்றால், எந்தக் கணக்கில் முதலில் ஏறியதோ அங்கிருந்து நேரடியாக இறக்கியது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் இன்னொரு சுருக்கம் விழும். அதே கோப்பை 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்பினால் விழாது. திரையில் ஓடுவதை ரெக்கார்டு செய்து அனுப்புவது எல்லாவற்றிலும் மோசம். அளவு, வேகம், நிறம் மூன்றும் புதிதாகப் பிறந்துவிடும். கோப்பு இரண்டு முறை சுருக்கப்பட்டிருக்கிறது என்பதையே சான்றாக நீட்டுகிறவர்கள் உண்டு. சமூக ஊடகம் வழியாக வந்த கோப்புகள் பெரும்பாலும் குறைந்தது இரண்டு முறை சுருங்கியவைதான் என்பதால், அதற்கு அங்கே மதிப்பில்லை.

தேய்ந்த பிரதி மட்டுமே கையில் இருந்தால் பிக்சலை விட்டுவிட்டுப் பெரிய விவரங்களைப் பார்க்க வேண்டும். முகம் திரும்பும்போது காதும் தாடையும் அதோடு ஒத்துப் போகின்றனவா, முகத்தின் குறுக்கே கை வரும்போது முகம் கைக்கு முன்னால் வந்துவிடுகிறதா, அறையின் வெளிச்சமும் முகத்தின் நிழலும் ஒரே பக்கமா என்று பார்க்கலாம். சட்டகம் ஒன்றை எடுத்துப் படத் தேடலில் போட்டு மூலத்தைத் தேடலாம். எதுவும் சிக்கவில்லையென்றால், 'இந்தப் பிரதியை வைத்துச் சொல்ல முடியாது' என்று எழுதிக் கொடுப்பதுதான் நேர்மையான அறிக்கை.