டப்பாவில் முத்திரை இருக்கு... உள்ளே சரக்கு இருக்கா?

அமெரிக்க கிரியேட்டின் டப்பா ஒன்றில் ஒரு ஸ்கூப் 8 கிராம், அதில் கிரியேட்டின் 5 கிராம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். மீதி 3 கிராம் எங்கே போச்சு? கீழே பொடி எழுத்தில் இருக்கும் ‘அதர் இன்கிரீடியன்ட்ஸ்’ வரியில் இருக்கு. எடை அதிகமான பொருள் அங்கே முதலில் வரும். ஆனால் ஒவ்வொன்றின் அளவையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின் என்றால், அந்த 3 கிராமில் அதிகம் இருப்பது மலிவான மாவுச்சத்து.

சரி, அந்த 5 கிராம் நிஜமா? ‘இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்’ முத்திரை ஒவ்வொரு பேட்ச்சிலும் ஊக்கமருந்துக் கலப்பு உண்டா என்றுதான் தேடும்; கிரியேட்டின் அளவுக்கு அது சாட்சி இல்லை. ‘என்எஸ்எஃப் சர்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட்’ லேபிளில் சொன்ன அளவையும் சேர்த்துச் சோதிக்கும். வெறும் ‘லேப் டெஸ்டட்’ என்றால் யார், எதைச் சோதித்தார்கள் என்பதே தெரியாது. முத்திரையை யாரும் அச்சடிக்கலாம் என்பதால், டப்பாவில் உள்ள பேட்ச் எண் சான்றளித்த நிறுவனத்தின் தளத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.